இன்றிரவே மலையிறங்க வேண்டுமா?

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, முதுகின் ஓரமாகக் கையகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. வட மாவட்டங்களில் அதை அல்லை என்பார்கள். நன்றாக இருந்த மனிதருக்கு அந்த இடத்தில், பெரும்பாலும் ஒரே பக்கத்தில், திடீரென்று வலி கிளம்புகிறது. சிறிது நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விடுகிறது. உட்காருகிறார், எழுந்து நடக்கிறார், சுவரில் சாய்கிறார், தரையில் புரள்கிறார். எப்படி இருந்தாலும் ஆறுதல் இல்லை. வியர்த்துக் கொட்டுகிறது, குமட்டுகிறது, வாந்தி எடுக்கிறார். கொஞ்சம் தணிந்தது என்று மூச்சு விடும்போதே அடுத்த அலை எழும்புகிறது.

சிறுநீரகக் கல் பெரும்பாலும் தன்னை அறிவித்துக்கொள்வது இப்படித்தான். கிராமத்தில் கல்லடைப்பு என்று இதற்குப் பெயர் உண்டு. ஆனால் முதல் தடவை வரும்போது யாருக்கும் அந்தப் பெயர் நினைவுக்கு வருவதில்லை. வாயு பிடித்துக்கொண்டது என்பார்கள், குடலேற்றம் என்பார்கள். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிட ஒருவரைக் கூப்பிடுவார்கள்.

நகரத்தில் என்றால் ஆட்டோ பிடித்து அரைமணியில் மருத்துவமனைக்குப் போய்விடலாம். ஜவ்வாது மலையில் அப்படி இல்லை. கிழக்கே போளூர்ப் பக்கமும் மேற்கே ஆலங்காயம் பக்கமும் ஜமுனாமரத்தூரிலிருந்து மலைச்சாலை இறங்குகிறது. அந்தச் சாலைக்கு வந்து சேர்வதே சில ஊர்களுக்குப் பாதிப் பயணம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாடுகளாகப் பிரிந்திருக்கும் மலையாளிப் பழங்குடியினரின் குக்கிராமங்களில், மழை பிடித்துவிட்டால் வண்டி வர மறுக்கும் இடங்கள் இருக்கின்றன. டோலி கட்டித் தூக்கிவர வேண்டிய நிலையும் உண்டு. ஆகவே அங்கே வலியோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வருகிறது: விடியும்வரை பொறுக்கலாமா, இன்றிரவே மலையிறங்க வேண்டுமா?

இதற்கு விடை சொல்ல ஸ்கேன் தேவையில்லை. உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தால், வலியின் போக்கிலிருந்தே பெருமளவு விடை கிடைத்துவிடும்.

ஓர் ஆளை மனத்தில் வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயது. மலையில் சாமை அறுவடை முடிந்ததும் கட்டட வேலைக்குக் கீழே போய், கோடை முழுக்கக் கான்கிரீட் சுமந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். அவருடைய வலது சிறுநீரகத்தில் 5 மில்லிமீட்டர் கல் ஒன்று இருக்கிறது. பச்சைப்பயறு அளவு இருக்கும். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை.

வழியில்லை என்பதற்குக் காரணம், கல் பிறக்கும் இடம் வலி அறியாத இடம் என்பதுதான். சிறுநீரகத்தின் உட்புறத்தில் காம்பு போன்ற முனைகள் உண்டு. சிறுநீர் அந்த முனைகள் வழியாகத்தான் சொட்டுகிறது. அலெக்சாண்டர் ராண்டல் என்ற அமெரிக்க மருத்துவர் 1930களில் இறந்தவர்களின் சிறுநீரகங்களைத் திறந்து பார்த்தபோது, சிலருடைய முனைகளில் வெளிறிய சுண்ணாம்புத் திட்டுகள் படிந்திருப்பதையும், சில திட்டுகளின்மேல் சிறு கற்கள் ஒட்டிக்கொண்டு வளர்வதையும் கண்டார். இன்றைக்கும் அவற்றுக்கு அவர் பெயர்தான். கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பால் ஆனவை. சிறுநீர் திரண்டு கெட்டியாகும்போது அந்த உப்பு கரைந்திருக்க முடியாமல் படிகமாகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அது சத்தமில்லாமல் வளரும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் “கிட்னியில் கல் இருக்கிறது” என்று எழுதி வந்து, அதைப் பார்த்துப் பயந்துபோனவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு அந்தக் கல்லால் ஒரு நாளும் வலி வந்திருக்காது.

வலி தொடங்குவது கல் இடம் பெயரும் நாளில்தான். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு குழாய் இறங்குகிறது. நீளம் ஒரு சாண், ஒன்றேகால் சாண். உள்ளகலம் 3, 4 மில்லிமீட்டர். நம் ஆளின் கல் 5 மில்லிமீட்டர். குழாய் கொஞ்சம் விரிந்துகொடுக்கும் என்றாலும் மூன்று இடங்களில் அது குறுகுகிறது: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் தலைப்பில் ஒன்று, இடுப்பெலும்பின் விளிம்பில் பெரிய ரத்தக்குழாயைத் தாண்டும் இடத்தில் ஒன்று, சிறுநீர்ப்பையின் சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் இடத்தில் ஒன்று. மூன்றாவதுதான் மிகக் குறுகல். கல் சிக்குவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஓரிடத்தில்.

ராத்திரி 2 மணிக்கு அவருடைய கல் முதல் குறுகலில் வந்து அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூரான கல் குழாயைக் கிழிப்பதால்தான் வலிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உரசல் இருக்கத்தான் செய்கிறது. சிறுநீரில் ரத்தம் கலப்பது அதனால்தான். ஆனால் அந்த மாபெரும் வலிக்கு உரசல் காரணமில்லை. வாய்க்காலின் மடையை அடைத்தால் தண்ணீர் அடைத்த இடத்துக்கு மேலேதான் ஏறும். அதேபோல் கல்லுக்கு மேலே தேங்கும் சிறுநீரின் அழுத்தந்தான் வலிக்குக் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு விரைவாக நடக்கிறது என்று புரியும். சாதாரணமாக ஒரு சிறுநீரகம் நிமிடத்துக்கு அரை மில்லி சிறுநீர் விடுகிறது. கல்லுக்கு மேலே சிறுநீர் தேங்கக்கூடிய கூடம் கொள்வதோ சில மில்லிதான். வடிகால் முழுக்க அடைபட்டால் பத்து நிமிடத்தில் 5 மில்லி சேர்ந்துவிடும். கூடத்தின் சுவர் விம்முகிறது, சிறுநீரகத்தைப் போர்த்திய உறை இழுபடுகிறது. வெட்டினாலோ சுட்டாலோ கண்டுகொள்ளாத நரம்புகள் இந்த இழுவைக்கு அலறுகின்றன. உடலின் உள்ளுறுப்புகளில் பலவும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

அழுத்தம் ஏறியதும் சிறுநீரகம் ஒரு வேலை செய்கிறது. கெட்ட நேரத்தில் செய்யும் வேலை அது. புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைச் சுரந்து, தனக்குள் வரும் ரத்தக்குழாய்களை விரித்துவிடுகிறது. ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, சிறுநீரும் கூடுதலாக ஊறுகிறது. அடைபட்ட குழாய்க்குள் இன்னும் நீர் இறங்க, அழுத்தம் மேலும் ஏறுகிறது. குழாயின் தசையையும் அதே ரசாயனம் முறுக்குகிறது. அந்தக் குழாய் சும்மா கிடக்கும் குழாயல்ல. நிமிடத்துக்கு இரண்டிலிருந்து ஆறு தடவை வளையம் வளையமாகச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். வழியில் கல் நின்றதும் அதற்கு மேலே உள்ள தசை பலமாகச் சுருங்கித் தள்ளப் பார்க்கிறது. தசை சுருங்க அழுத்தம் எகிறும், வலி உச்சிக்குப் போகும். கல் நூலளவு நகர்ந்து பக்கவாட்டில் கொஞ்சம் நீர் கசிந்தால் அழுத்தம் தணியும், வலியும் இறங்கும். கல் மறுபடி இறுகினால் அடுத்த அலை வரும். ஒரு அலை இருபது நிமிடம் நிற்கலாம், ஒரு மணி நேரமும் நிற்கலாம். இரண்டு அலைகளுக்கு நடுவிலும் வலி முழுதாக விட்டுப்போவதில்லை. அடியில் ஒரு மந்தமான நோவு இருந்துகொண்டேதான் இருக்கும்.

மருந்தின் விஷயமும் இங்கே தெளிவாகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடையிலோ இடுப்பிலோ போடும் டைக்ளோஃபெனாக் 75 மில்லிகிராம் ஊசி, புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே நிறுத்துகிறது. வலியை மூளைக்குத் தெரியாமல் மறைப்பது மட்டும் அதன் வேலையல்ல. அழுத்தத்தையே குறைக்கிறது. அரைமணி நேரத்தில் முகம் தெளியும். கத்தார் நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், இந்தச் சாதாரண ஊசி மார்ஃபினைவிட நன்றாக வேலை செய்தது. குடற்புண் உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வலி மாத்திரையால் ஆஸ்துமா கிளம்புகிறவர்களுக்கும் இதைப் போடக்கூடாது. அதைக் கேட்காமல் ஊசி எடுக்கக்கூடாது.

இதே காரணத்தால் இன்னொன்றும் விளங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வைத்தால் கல் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றுவதும் அதே எண்ணத்தில்தான். அடைபட்ட குழாய்க்கு மேலே இன்னும் நீரை ஊற்றினால் அழுத்தந்தான் கூடும். கல் விரைவில் இறங்குவதற்குச் சான்று இல்லை. வாந்தியால் வறண்டு போனவருக்கு அந்த நீரிழப்பை ஈடுகட்டுமளவு போதும். நிறையத் தண்ணீர் குடிப்பதற்கு உரிய காலம், வலி நின்ற பிறகு வரும் மாதங்களும் வருடங்களுந்தான்.

நம் ஆளின் கல் அடுத்த சில நாட்களில் மெல்ல இறங்குகிறது. கூடவே வலியின் இடமும் மாறுகிறது. முதலில் அல்லையில் இருந்தது, பிறகு வயிற்றின் பக்கவாட்டில் சுற்றி முன்னால் வந்து, தொடையிடுக்குக்கு இறங்குகிறது. ஆண்களுக்கு விதைப்பைக்கும், பெண்களுக்கு அந்தரங்க உறுப்பின் உதட்டுக்கும் பாயும். விதையில் ஒன்றும் இல்லை. சிறுநீர்க் குழாயின் நரம்புகளும் தொடையிடுக்கின் நரம்புகளும் முதுகுத்தண்டின் ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. மூளைக்கு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை. வாந்திக்குக் காரணமும் இதுதான். சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் பொதுவான நரம்பு முடிச்சு ஒன்று இருக்கிறது. வாந்தியைப் பார்த்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் சாப்பாட்டின்மீது பழி போடுவது இயல்பே.

கல் கடைசிக் குறுகலுக்கு, அதாவது சிறுநீர்ப்பையின் சுவருக்கு வந்துவிட்டால் அறிகுறி வேறாகிவிடும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும், போனால் நாலு சொட்டு வரும், நுனியில் எரியும். சூடு பிடித்துக்கொண்டது, நீர்க்கடுப்பு என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் கொடுப்பார்கள். இரண்டு நாள் முன்பு அல்லையில் வலி இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், இது சாதாரணக் கடுப்பா, கல் வாசலுக்கு வந்துவிட்ட கடுப்பா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வாசலைத் தாண்டிச் சிறுநீர்ப்பைக்குள் விழுந்துவிட்டால் வலி சட்டென்று நின்றுவிடும். அதன்பிறகு வெளியே வரும் வழி அகலமானது. அப்போது சிறுநீரை டீ வடிகட்டியிலோ வெள்ளைத் துணியிலோ பிடித்துப் பார்க்க வேண்டும். கிடைக்கும் கல்லைக் காகிதத்தில் மடித்து மருத்துவரிடம் கொடுத்தால், அது எந்த வகை என்று சோதிக்கலாம். யூரிக் அமிலக் கல்லும் கால்சியம் கல்லும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கலாம். திரும்ப வராமல் தடுக்கும் வழி இரண்டுக்கும் ஒன்றல்ல.

இவையெல்லாம் நல்லபடியாக முடிந்த கதை. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் மூன்றில் இரண்டு பங்கு இப்படித் தானாக வெளியேறுகின்றன. 5க்கும் 10க்கும் இடைப்பட்டவற்றில் கிட்டத்தட்டப் பாதி. சில நாட்களிலும் நடக்கும், மூன்று நான்கு வாரமும் ஆகும். ஆகவே மலையில் இருப்பவர், வலி ஊசிக்கு அடங்கி, காய்ச்சல் இல்லாமல், தண்ணீர் உள்ளே தங்கினால், அந்த ராத்திரியைப் பயமில்லாமல் கழிக்கலாம். விடிந்து, பஸ் பிடித்துப் போய் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்.

விடியும்வரை பொறுக்கக் கூடாத நிலைகள் எவை என்பதுதான் மலையில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது. முதலாவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். வெறுங்கல்லுக்குக் காய்ச்சல் வராது. காய்ச்சல் வந்தால், அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகிவிட்டது என்று பொருள். வடிகால் இல்லாத சீழ், அழுத்தத்தோடு அங்கே நிற்கிறது. அழுத்தம் அந்தக் கிருமியை நேராக ரத்தத்துக்குள் தள்ளும். சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. அடைபட்ட இடத்துக்கு மருந்து சரியாகப் போய்ச் சேர்வதில்லை. கல்லைத் தாண்டி மெல்லிய குழாய் ஒன்றைச் செருகியோ, முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் துளையிட்டோ தேங்கியதை வெளியே விட வேண்டும். கல்லை எடுப்பது பிறகு. இதை மலையில் செய்ய முடியாது. 108ஐக் கூப்பிட வேண்டும், வண்டி வர முடியாத ஊர் என்றால் வண்டி நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியோ, வேலூர் அடுக்கம்பாறையோ, சி.எம்.சி.யோ, எது சீக்கிரம் என்பதைப் பார்த்து அங்கே போக வேண்டும்.

சிறுநீர் அறவே நின்றுபோனாலும் அதே அவசரம். ஒரே சிறுநீரகத்தோடு வாழ்கிறவருக்கு வலி வந்தாலும் அப்படித்தான். கர்ப்பிணிக்கு வந்தாலும், ஊசி போட்டும் வலி அடங்காவிட்டாலும், குடித்த தண்ணீர் ஒரு வாய்கூடத் தங்காவிட்டாலும் காத்திருக்கக் கூடாது.

கல்லைப் போல வேடம் போட்டு வரும் வேறு சில நோய்களும் இருக்கின்றன. குடல்வால் அழற்சியும் வலது பக்கம் வலிக்கும். ஆனால் அந்த நோயாளி அசையாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடப்பார். இருமினால், வண்டி குலுங்கினால் வலி கூடும். கல் உள்ளவர் ஓரிடத்தில் கிடக்கவே மாட்டார். இந்த ஒரு வேறுபாட்டை வாசற்படியில் நின்றபடியே பார்த்துவிடலாம். நான் இதைப் பெரிதாக மதிக்கிறேன். எந்தக் கருவியும் இல்லாத இடத்தில் இதைவிடப் பயனுள்ள அடையாளம் குறைவு. விறகுச் சுமையால் வந்த முதுகுப் பிடிப்பு என்றால், குனிந்தால் நிமிர்ந்தால் மாறும், ஏதாவது ஒரு பக்கம் படுத்தால் இதமாக இருக்கும். கல்லின் வலிக்கு எந்தப் பக்கமும் இதமில்லை. சிறுநீரில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தாலோ, சோதனைப் பட்டையில் தெரிந்தாலோ சந்தேகம் வலுக்கும். ஆனால் ரத்தம் இல்லை என்பதற்காகக் கல் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு ரத்தமே தெரியாது.

மூன்று பேரிடம் மட்டும் கல் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. விதையிலேயே வலி தொடங்கிய பையன், மாதவிடாய் தள்ளிப்போன பெண், அறுபது வயதைத் தாண்டி முதல் தடவையாக அல்லை வலி கண்டு மயக்கமும் வந்த முதியவர். முதலாமவருக்கு விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால் அது அழுகும். இரண்டாமவருக்குக் கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். மூன்றாமவருக்கு வயிற்றின் பெருந்தமனி வீங்கிக் கசிந்துகொண்டிருக்கலாம். இந்த மூவருக்கும் விடியும்வரை நேரம் கிடையாது.

இனி, பலரும் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். நம் ஆளுக்கு மூன்றாம் நாள் வலி நின்றுவிடுகிறது. வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறார், சிறுபீளைக் கஷாயம் குடித்திருக்கிறார். கல் கரைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். கல்லை யாரும் பார்க்கவில்லை.

வலி எதனால் வந்தது என்று பார்த்தோம்: அழுத்தத்தால். அப்படியானால் அழுத்தம் குறைந்தால் வலி நிற்கும். கல் வெளியே போனாலும் அழுத்தம் குறையும். கல் அங்கேயே இருக்க, சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொண்டாலும் அழுத்தம் குறையும். விலங்குகளின் சிறுநீர்க் குழாயைக் கட்டிச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ரத்த ஓட்டமும் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. அதன்பிறகு ரத்த ஓட்டம் குறையத் தொடங்குகிறது, அழுத்தம் மட்டும் உயரத்திலேயே நிற்கிறது. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு இரண்டுமே இறங்கிக்கொண்டு போகின்றன. சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தத்தைச் சுருக்கிக்கொண்டு, சிறுநீர் ஊறுவதையே குறைத்துவிடுகிறது. அழுத்தம் இல்லை, ஆகவே வலியும் இல்லை. அடைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்படி முழு அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால், சிறுநீரகத்தின் சதை மெலிந்து, திரும்ப மீளாத சேதம் தொடங்கிவிடும். இன்னொரு சிறுநீரகம் சுமையைத் தாங்கிக்கொள்வதால் ரத்தப் பரிசோதனையில்கூடப் பெரிதாகத் தெரியாது. சிறுநீர் வழக்கம்போல் போகும், உடம்பு நன்றாகவே இருக்கும். பல வருடம் கழித்து எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது, தண்ணீர்ப் பை போல் உப்பி, பயனில்லாமல் கிடக்கும் ஒரு சிறுநீரகத்தைக் காட்டுவார்கள். சிறுநீரக மருத்துவம் பார்க்கும் எல்லா ஊரிலும் இப்படி வந்து சேர்ந்தவர்கள் உண்டு. எனக்கு இந்த நோயில் மிகவும் வருத்தம் தருவது இந்த இடந்தான். வலியில் துடித்தபோது செலவு செய்து மலையிறங்கியவர், வலி நின்றபின் வண்டிக்காசு செலவழித்து மறுபடி இறங்க நியாயம் ஏதும் காண்பதில்லை.

ஆகவே கல்லைக் கையில் பார்த்தால்தான் அது போய்விட்டது என்று கணக்கு. பார்க்கவில்லை என்றால் நான்கு வாரத்துக்குள், தள்ளிப்போனாலும் ஆறு வாரத்துக்குள், மறுபடி ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு ஒரு குறை உண்டு. குழாயின் நடுப்பகுதியில் குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கல்லை அது தவறவிடும். ஆனால் சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா என்பதை நன்றாகக் காட்டிவிடும். வீக்கம் இருந்து கல் தெரியாவிட்டால், மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன் அதைக் கண்டுபிடித்துவிடும். எக்ஸ்ரேயை மட்டும் நம்ப முடியாது. யூரிக் அமிலக் கல் அதில் தெரியவே தெரியாது. கல் நகரவில்லை என்று தெரிந்தால் மெல்லிய கருவியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே அனுப்பி லேசரால் உடைத்து எடுத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்தே அதிர்வலையால் பொடியாக்கும் முறையும் இருக்கிறது. 1980இல் மியூனிக் நகரில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாகச் செய்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவமனையில் கேட்பது நல்லது.

வாழைத்தண்டையும் சிறுபீளையையும் நான் ஒதுக்கிப் பேசவில்லை. எலிகளில் நடந்த ஆய்வுகளில் வாழைத்தண்டுச் சாறு சிறுநீரில் ஆக்ஸலேட்டைக் குறைத்திருக்கிறது. சாறு குடிக்கிறவர் கூடவே தண்ணீரும் குடிக்கிறார், அதுவும் நல்லதே. குழாயில் இறுகி நிற்கும் கால்சியம் கல்லை மூன்று நாளில் கரைக்க அவற்றால் முடியும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. குடித்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு தடவை கல் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்து வருடத்துக்குள் திரும்பவும் வருகிறது. பால், தயிரை நிறுத்தச் சொல்லிப் பலர் ஆலோசனை சொல்வார்கள். கல்லில் கால்சியம் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. நடப்பதோ நேர்மாறு. சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். பால், தயிரைக் குறைத்தால் ஆக்ஸலேட் தடையில்லாமல் ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரில் வந்து இறங்கும். அமெரிக்காவில் பல்லாயிரம் ஆண்களைப் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. உப்பைக் குறைப்பது நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு வெளியேறுகிறது என்பதுதான் அளவுகோல். ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போனால் உப்பு படிகமாக வாய்ப்புக் குறைவு. சிறுநீர் வெளிர்நிறமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. இத்தாலியில் முதல் கல் வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஐந்து வருடம் கவனித்தார்கள். தண்ணீர் அதிகம் குடிக்கச் சொல்லப்பட்ட குழுவில் நூற்றுக்கு 12 பேருக்கும், மற்றக் குழுவில் 27 பேருக்கும் மறுபடி கல் வந்தது.

இப்போது நம் ஆளின் கோடைக்காலத்துக்குத் திரும்பிப் பார்க்கலாம். ஜவ்வாது மலையின் குளிர்ச்சிக்குப் பழகிய உடம்பு. வெயிலில் வேலை செய்யும்போது நீரெல்லாம் வியர்வையாகப் போய், சிறுநீர் கெட்டியாகிறது. வளைகுடாப் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய ஓர் ஆய்வில், கல் வந்தவர்களுக்கு அங்கே போய்ச் சேர்ந்து சராசரியாக மூன்று மாதத்திலேயே வலி கண்டது. மூன்று மாதம் என்பது நம் கோடைக் கட்டட வேலையின் கால அளவுதான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் உடன் பணியாற்றியவர்களும், தென்னிந்திய இரும்பு ஆலை ஒன்றின் தொழிலாளர்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரையில், அதிகச் சூட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கல் வரும் ஆபத்து கூடுதல் என்று காட்டினார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள், சிறுநீரை அடக்கிக்கொள்கிறார்கள் என்பதையும் அவருடைய இன்னொரு ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

இரண்டரை லிட்டர் சிறுநீர் என்றால் பகலில் ஐந்தாறு தடவையாவது போக வேண்டும். மலையிலிருந்து கணவனோடு கட்டட வேலைக்கு இறங்கும் பெண்ணுக்கு அதற்கு இடம் எங்கே? மருத்துவர் சீட்டில் “நிறையத் தண்ணீர் குடிக்கவும்” என்று எழுதுகிறார். அதை நிறைவேற்றும் பொறுப்பு வேலை கொடுப்பவரிடமும் இருக்கிறது. கட்டடத் தொழிலாளர்களுக்காக நாடாளுமன்றம் 1996இல் இயற்றிய சட்டம், வேலையிடத்தில் எல்லோருக்கும் எட்டும் இடங்களில் நல்ல குடிநீர் வைக்க வேண்டும், எந்நேரமும் போய்வரக்கூடிய கழிப்பறை கட்டித்தர வேண்டும் என்று அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில் சொன்னது.